யீல்டு ஏறினால் தங்கம் எந்தப் பக்கம் போகும்? மூன்று சார்ட்டையும் சேர்த்துப் படிப்பது எப்படி

2013 ஆகஸ்ட் 28 அன்று உலகச் சந்தையில் தங்கம் ஒரு அவுன்ஸ் 1,420 டாலர் பக்கம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் 1,920 டாலர் வரை போன விலை, கால் பங்குக்கு மேல் கரைந்திருந்தது. அதே நாளில் இந்தியப் பண்டச் சந்தையான எம்சிஎக்ஸில் 10 கிராம் தங்கம் 35,000 ரூபாயைத் தாண்டி, அதுவரை பார்த்திராத உச்சத்தைத் தொட்டது. டாலரில் பார்த்தவருக்குத் தங்கம் இறங்குமுகத்தில் இருந்தது. ரூபாயில் பார்த்தவருக்கு அது வரலாற்று உச்சம்.

தங்கத்தின் சார்ட் ஒன்றை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் அமெரிக்க அரசுக் கடன் பத்திரத்தின் யீல்டும், அதாவது அதில் போட்ட பணத்துக்குக் கிடைக்கும் வருமான விகிதமும், டாலரின் மதிப்பும், நமக்கென்றால் டாலர்-ரூபாய் விலையும் இருக்க வேண்டும். இப்படிப் பல சந்தைகளைச் சேர்த்துப் படிப்பது நாளைய விலையைச் சொல்லிவிடும் என்று நினைத்து வருபவர்கள் ஏமாந்து போவார்கள். அது சொல்வது வேறொன்று: இன்றைய விலை ஏன் நகர்ந்தது என்பதை. காரணம் தெரிந்தால்தான் அந்த நகர்வு நீடிக்குமா, பொசுக்கென்று திரும்பிவிடுமா என்று யோசிக்கவே முடியும்.

புதிதாக வருபவர்கள் முதலில் மனப்பாடம் செய்யும் வாய்பாடு இது: யீல்டு ஏறினால் டாலர் ஏறும், டாலர் ஏறினால் தங்கம் இறங்கும். பெரும்பாலான நாட்களில் இது சரியாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய பணம் கைமாறும் நாட்களில் பல தடவை தலைகீழாகிவிடும். அது எப்போது தலைகீழாகும் என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று சார்ட்டும் ஒரே திரையில் வேண்டும்.

முதலில் யீல்டு

அரசு 100 ரூபாய்க்கு ஒரு பத்திரம் வெளியிடுகிறது, வருடத்துக்கு 5 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் அதைச் சந்தையில் வேறொருவருக்கு 90 ரூபாய்க்கு விற்கிறார். புதிதாக வாங்கியவருக்கும் வருடம் 5 ரூபாய்தான் வருகிறது, ஆனால் அவர் போட்டது 90 ரூபாய். ஆகவே அவருக்கு வட்டி மட்டுமே 5.5 சதவீதத்துக்கு மேல் கிடைக்கிறது. முதிர்வில் 100 ரூபாய் திரும்பி வரும்போது கிடைக்கும் லாபம் தனி. பத்திரத்தின் விலை இறங்கினால் யீல்டு ஏறும், விலை ஏறினால் யீல்டு இறங்கும். யீல்டு ஏறுகிறது என்று செய்தியில் கேட்டால், எங்கோ பத்திரத்தை விற்கிறார்கள் என்று உடனே மனதில் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். இது பழக்கமாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் அடுத்த கேள்வி தானாகவே வரும்: யார் விற்கிறார்கள், ஏன்?

தங்கத்துக்கு வட்டி கிடையாது. லாக்கரில் வைத்தால் செலவுதான். அதனால் அமெரிக்க அரசின் 10 வருடப் பத்திரம் நல்ல வட்டி தரும்போது, தங்கத்தை வைத்திருப்பவர் அந்த வட்டியை இழக்கிறார். இழப்பு பெரிதாகப் பெரிதாகத் தங்கத்தை விட்டுப் பத்திரத்துக்குப் போக ஆசை வரும்.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பத்திரம் 4 சதவீதம் தருகிறது, விலைவாசி வருடத்துக்கு 4 சதவீதம் ஏறும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள் என்றால், பத்திரக்காரருக்கு உண்மையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதனால் தங்கத்தோடு ஒப்பிட வேண்டியது திரையில் தெரியும் யீல்டை அல்ல, எதிர்பார்க்கும் பணவீக்கத்தைக் கழித்தபின் மிஞ்சும் யீல்டை. இதை ரியல் யீல்டு என்பார்கள். அமெரிக்க அரசு பணவீக்கத்துக்கு ஏற்பத் திருத்தப்படும் பத்திரங்களையும் விற்கிறது, அவற்றுக்கு டிப்ஸ் என்று பெயர். அவை சந்தையில் கைமாறும் விலையிலிருந்தே ரியல் யீல்டு கிடைத்துவிடுகிறது, நாம் கணக்குப் போட வேண்டியதில்லை.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2020 கோடைகாலம் நல்ல சாட்சி. ஏப்ரல் மாதக் கடைசியில் தங்கம் 1,700 டாலர் பக்கம். ஆகஸ்ட் 7க்குள் 2,070ஐத் தாண்டிவிட்டது. இந்தக் காலம் முழுக்க 10 வருட யீல்டு பெரும்பாலும் 0.5க்கும் 0.75க்கும் இடையிலேயே கிடந்தது. சாதாரண யீல்டு சார்ட்டைப் பார்த்தவருக்குத் தங்கம் ஏன் ஏறுகிறது என்று புரிந்திருக்காது. ரியல் யீல்டு சார்ட்டைத் திறந்தவருக்குத் தெரிந்திருக்கும்: அது மைனஸ் 0.4 பக்கத்திலிருந்து மைனஸ் 1க்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பணவீக்க எதிர்பார்ப்பு மேலே வந்துகொண்டிருந்தது, வட்டி மட்டும் அசையவில்லை. பத்திரம் வைத்திருப்பதே நஷ்டம் என்று ஆனது.

டாலர் சார்ட் என்றால் எது?

எல்லோரும் பார்ப்பது டாலர் இண்டெக்ஸ். ஆறு நாணயங்களுக்கு எதிராக டாலரின் பலம் அதில் அளக்கப்படுகிறது. அதில் யூரோ மட்டுமே 57.6 சதவீதம், ஜப்பான் யென் 13.6. மீதி பவுண்டு, கனடா டாலர், சுவீடன் குரோனா, சுவிஸ் பிராங்க். ஆக டாலர் இண்டெக்ஸ் சார்ட் என்பது பாதிக்கு மேல் யூரோ சார்ட்டைத் தலைகீழாகப் போட்டதுதான். ரூபாயும் அதில் இல்லை, சீன யுவானும் இல்லை.

ஆகையால் இண்டெக்ஸ் ஏறிய நாளில் ரூபாயும் அதே அளவுக்கு விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ரிசர்வ் வங்கி டாலரை விற்றும் வாங்கியும் ரூபாயின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. தங்கத்தின் டாலர் விலைக்கு இண்டெக்ஸைப் பாருங்கள், எம்சிஎக்ஸ் விலைக்கு டாலர்-ரூபாயைத் தனியாகப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன.

இரண்டு வகை யீல்டு ஏற்றம்

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வரலாம். ஒரு நாட்டின் யீல்டு ஏறுவதற்கு அடிப்படையில் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பொருளாதாரம் நன்றாக இருக்கிறது, மத்திய வங்கி வட்டியை உயர்த்தும் அல்லது பண ஓட்டத்தை இறுக்கும் என்ற எதிர்பார்ப்பு. அப்போது அந்த நாட்டில் கூடுதல் வட்டி கிடைக்கும் என்று வெளியிலிருந்து பணம் வரும், நாணயம் வலுவாகும். இன்னொன்று, கடன் கொடுத்தவர்களுக்கு அந்த நாட்டின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பத்திரத்தை விற்றுவிட்டு வெளியேறுகிறார்கள். அப்போதும் யீல்டு ஏறும், ஆனால் வெளியேறுபவர்கள் நாணயத்தையும் சேர்த்து விற்பதால் நாணயம் விழும்.

யீல்டு சார்ட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், மேல்நோக்கிப் போகும் ஒரு கோடு. பக்கத்தில் நாணயத்தின் சார்ட்டை வைத்தால்தான் எது என்று பிரியும். யீல்டும் நாணயமும் சேர்ந்து ஏறினால் அது பணத்தை இழுக்கும் ஏற்றம், தங்கத்துக்கு அழுத்தம். யீல்டு ஏறி நாணயம் விழுந்தால் அது பணம் ஓடும் ஏற்றம், அந்த நாணயத்தில் தங்க விலை ஏறப் பார்க்கும்.

2013ல் இந்த இரண்டு வகையும் ஒரே நேரத்தில், இரண்டு நாடுகளில் நடந்தன. அதனால்தான் அந்த வருடத்தைப் பாடமாக எடுக்கிறேன்.

அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட், மாதம் 85 பில்லியன் டாலருக்குப் பத்திரங்களை வாங்கிக்கொண்டிருந்தது. மே 22 அன்று ஃபெட் தலைவர் பென் பெர்னான்கி, அடுத்த சில கூட்டங்களில் இந்த அளவைக் குறைக்கத் தொடங்கலாம் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். பெரிய வாங்குபவர் ஒதுங்கப் போகிறார் என்றதும் பத்திர விலை இறங்க ஆரம்பித்தது. மே தொடக்கத்தில் 1.6 சதவீதம் அளவில் இருந்த 10 வருட யீல்டு செப்டம்பர் தொடக்கத்தில் 3 சதவீதத்தை எட்டியது. அதே காலத்தில் ரியல் யீல்டு மைனஸ் 0.6 அளவிலிருந்து பிளஸ் 0.9 வரை போனது. இரண்டின் நகர்வையும் ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகும்: ஏற்றம் முழுவதும் ரியல் யீல்டில்தான், பணவீக்க எதிர்பார்ப்பில் இல்லை. தங்கத்துக்கு இதைவிட மோசமான சூழல் வேண்டியதில்லை.

ஜூன் 19 அன்று பெர்னான்கி பத்திரிகையாளர் சந்திப்பில் இதை இன்னும் தெளிவாகச் சொன்னார். யீல்டு ஏறியது, டாலர் இண்டெக்ஸ் ஏறியது. அடுத்த நாள் தங்கம் 5 சதவீதத்துக்கு மேல் விழுந்து, 2010க்குப் பிறகு முதல் முறையாக 1,300 டாலருக்குக் கீழே போனது. மூன்று சார்ட்டும் ஒரே கதையைச் சொன்ன நாள் அது. ஜூன் 28ல் விலை 1,180 வரை இறங்கியது.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். 2012-13ல் இந்தியாவின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை ஜிடிபியில் 4.8 சதவீதம். தங்க இறக்குமதி அதில் பெரிய பங்கு. இந்த ஓட்டையை வெளிநாட்டுப் பணம்தான் அடைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் வட்டி ஏறப் போகிறது என்றதும் அந்தப் பணம் திரும்பிப் போகத் தொடங்கியது. ரூபாயைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கி ஜூலை 15 அன்று வங்கிகளுக்கான அவசரக் கடன் வட்டியை ஒரேயடியாக 2 சதவீதப் புள்ளி உயர்த்தி 10.25 ஆக்கியது. மே மாதக் கடைசியில் 7.2 பக்கம் இருந்த நம் 10 வருட அரசுப் பத்திரத்தின் யீல்டு ஆகஸ்டில் 9ஐத் தாண்டியது. வாய்பாட்டின்படி யீல்டு இவ்வளவு ஏறினால் ரூபாய் வலுவாகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. மே தொடக்கத்தில் டாலருக்கு 54 ரூபாய், ஆகஸ்ட் 28 அன்று 68.80.

அமெரிக்காவில் இழுக்கும் ஏற்றம், இந்தியாவில் ஓடும் ஏற்றம். டாலரில் தங்கம் விழுந்ததும் ரூபாயில் உச்சம் தொட்டதும் இதனால்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

எம்சிஎக்ஸ் தங்க விலையைத் தோராயமாகக் கணிக்க ஒரு எளிய வழி இருக்கிறது:

```
(டாலர் விலை ÷ 31.1035) × 10 × டாலர்-ரூபாய் × (1 + இறக்குமதி வரி)
```

31.1035 என்பது ஒரு அவுன்ஸில் உள்ள கிராம். 2013 மே தொடக்கத்தில் டாலர் விலை 1,470 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிராமுக்கு 472.6 டாலர். 54ஆல் பெருக்கினால் 25,520 ரூபாய். அன்றைய இறக்குமதி வரி 6 சதவீதம், சேர்த்தால் 27,050 ரூபாய்.

ஆகஸ்ட் 28க்கு அதே கணக்கு. டாலர் விலை 1,420, 10 கிராமுக்கு 456.5 டாலர். 68.80ஆல் பெருக்கினால் 31,410 ரூபாய். இடையில் வரி ஜூனில் 8 ஆகவும் ஆகஸ்டில் 10 ஆகவும் உயர்ந்திருந்தது. சேர்த்தால் 34,550 ரூபாய்.

மொத்த ஏற்றம் 27 சதவீதத்துக்கு மேல். இதைப் பிரித்துப் பாருங்கள்: டாலர் விலை 3 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக இறங்கியது, ரூபாய் பக்கம் 27 சதவீதம் ஏற்றியது, வரி இன்னும் 4 சதவீதம் போலச் சேர்த்தது. அந்த நான்கு மாதங்களில் எம்சிஎக்ஸில் தங்கம் வாங்கி லாபம் பார்த்தவர் உண்மையில் லாபம் பார்த்தது டாலர்-ரூபாயில்தான், தங்கத்தில் அல்ல. அவர் அதைத் தெரிந்து வைத்திருந்தாரா என்பதுதான் கேள்வி. தெரியாமல் இருந்தால், செப்டம்பரில் ரூபாய் திரும்பியபோது தங்கம் ஏன் காலை வாரியது என்று அவருக்குப் புரிந்திருக்காது.

இந்தக் கணக்கு நிஜ எம்சிஎக்ஸ் விலையோடு ரூபாய் சுத்தமாகப் பொருந்தாது. அன்று எம்சிஎக்ஸ் உச்சம் 35,000க்கு மேல், நம் கணக்கு 34,550. எம்சிஎக்ஸில் நடப்பது பின்னொரு தேதிக்கான ஒப்பந்தமான பியூச்சர்ஸ், அதன் விலையில் எதிர்கால மாதத்துக்கான கூடுதல் இருக்கும். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தால் உள்ளூரில் பிரீமியமும் சேரும். 2013ல் இறக்குமதி செய்த தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி வந்து உள்ளூர்த் தட்டுப்பாட்டைக் கூட்டியது. இடைவெளி திடீரென்று விரிந்தால் அதுவே ஒரு செய்தி: காரணம் உலகச் சந்தையில் இல்லை, நம்மூரில் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை அமெரிக்க ரியல் யீல்டு மொத்தத்தில் ஏறியது, ஆனால் தங்கம் 1,180லிருந்து 1,420க்கு மீண்டது. விலை விழுந்ததும் ஆசியாவில் நகையாகவும் கட்டியாகவும் வாங்கினார்கள், ஆகஸ்டில் சிரியா மீது அமெரிக்கத் தாக்குதல் வருமோ என்ற பயமும் சேர்ந்தது. யீல்டு சார்ட் இந்த இரண்டையும் காட்டாது. இரண்டு மாதம் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம் என்று தெரிந்துகொண்டால் போதும்.

2025 ஏப்ரல்: டாலருக்கே நடந்தபோது

ஓடும் ஏற்றம் இந்தியா போன்ற நாடுகளுக்குத்தான் வரும் என்று பல வருடம் நம்பினார்கள். பிரிட்டனில் 2022 செப்டம்பர் 23 பட்ஜெட்டுக்குப் பிறகு அரசுப் பத்திர யீல்டு குதித்து, பவுண்டு 1.03 டாலர் பக்கம் சரிந்தபோது அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவிலேயே அது நடந்தது.

ஏப்ரல் 2 அன்று டிரம்ப் அரசு பெரிய அளவில் இறக்குமதி வரிகளை அறிவித்தது. முதல் இரண்டு நாள் பழைய பாணியில்தான் போனது: பங்குகள் விழுந்தன, பாதுகாப்பு தேடிப் பத்திரங்களை வாங்கினார்கள், 10 வருட யீல்டு 4 சதவீதத்துக்குக் கீழே போனது. அப்புறம் வந்த வாரத்தில் காட்சி மாறியது. பங்கும் தள்ளாடுகிறது, பத்திரத்தையும் விற்கிறார்கள். ஏப்ரல் 11க்குள் யீல்டு 4.5 பக்கம் வந்துவிட்டது. ஒரே வாரத்தில் அரை சதவீதப் புள்ளி என்பது இந்தச் சந்தைக்கு மிகப் பெரிய அசைவு. டாலர் இண்டெக்ஸோ 103 பக்கத்திலிருந்து 100க்குக் கீழே இறங்கியது. தங்கம் 3,200 டாலரைத் தாண்டியது, ஏப்ரல் 22ல் 3,500ஐத் தொட்டது.

வாய்பாட்டை மட்டும் மனதில் வைத்திருந்தவர் யீல்டு 4.5க்கு வந்ததைப் பார்த்து, விலை விழும் என்று நம்பித் தங்கத்தை விற்று ஷார்ட் செய்திருப்பார். பக்கத்தில் டாலர் விழுவதைப் பார்த்தவர் கையைக் கட்டிக்கொண்டிருப்பார். வித்தியாசம் அந்த ஒரு சார்ட்தான்.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. ஏப்ரல் 3 அன்று 3,160ஐத் தாண்டியிருந்த தங்கம் 7ஆம் தேதிக்குள் 3,000க்குக் கீழே விழுந்தது. இவ்வளவு பயத்தில் தங்கம் ஏன் விழ வேண்டும்? பங்குச் சந்தையில் நஷ்டம் வந்து, கூடுதல் ஈட்டுப் பணமான மார்ஜினைக் கேட்கும்போது, பெரிய நிறுவனங்கள் எது லாபத்தில் இருக்கிறதோ, எது உடனே விற்குமோ அதை விற்கும். தங்கம் இரண்டுக்கும் பொருந்தும். 2020 மார்ச்சில் இதே கதை இன்னும் கடுமையாக நடந்தது: தங்கம் ஒரு வாரத்தில் 1,700 பக்கத்திலிருந்து 1,450 வரை போனது, டாலர் இண்டெக்ஸ் ஏறிக்கொண்டே இருந்தது. பங்கு, பத்திரம், தங்கம் மூன்றும் ஒன்றாக விழுந்தால் பணத் தட்டுப்பாடு என்று அர்த்தம். அப்போது யீல்டுக்கும் தங்கத்துக்கும் உள்ள உறவைத் தேடிப் பயனில்லை. விற்பனை ஓயும் வரை சார்ட்டுகள் எதையும் சொல்லாது.

இந்த உறவு எங்கே உடைந்தது

2022க்கு முன் ஒரு வழக்கம் இருந்தது. ரியல் யீல்டு இவ்வளவு என்றால் தங்கம் இவ்வளவு டாலர் இருக்க வேண்டும் என்று வரைபடம் போட்டு, அதற்கு மேல் இருந்தால் விலை அதிகம், கீழே இருந்தால் மலிவு என்பார்கள். இன்று அப்படிக் கணக்கிடுபவர் கையைச் சுட்டுக்கொள்வார். 2022 தொடக்கத்தில் மைனஸ் 1 அளவில் இருந்த ரியல் யீல்டு அக்டோபரில் பிளஸ் 1.7 பக்கம் வந்தது. பழைய வரைபடத்தின்படி தங்கம் பல நூறு டாலர் சரிந்திருக்க வேண்டும். 1,800லிருந்து 1,620 பக்கம்தான் இறங்கியது. பிறகு ரியல் யீல்டு 2 சதவீதத்தைச் சுற்றி இருந்த 2024லேயே தங்கம் அடுத்தடுத்துப் புது உச்சம் தொட்டது.

நடுவில் நடந்தது இது. உக்ரைன் போரைத் தொடர்ந்து ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 300 பில்லியன் டாலர் சேமிப்பை மேற்கு நாடுகள் முடக்கின. டாலரிலும் யூரோவிலும் வைத்திருக்கும் சேமிப்பு ஒரு நாள் கைக்கு வராமல் போகலாம் என்று மற்ற நாடுகளுக்குப் புரிந்தது. உலகத் தங்க கவுன்சில் கணக்குப்படி மத்திய வங்கிகள் 2022, 2023, 2024 மூன்று வருடமும் தலா 1,000 டன்னுக்கு மேல் வாங்கின. இவர்கள் வட்டியைக் கணக்குப் பார்த்து வாங்குபவர்கள் இல்லை.

அப்படியானால் யீல்டு சார்ட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. உடைந்தது விலைமட்டத்தின் உறவு, அன்றாட அசைவின் உறவு இன்னும் பெரும்பாலும் வேலை செய்கிறது. அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு எதிர்பார்ப்பைவிட நன்றாக வந்து யீல்டு துள்ளும் மாலையில் தங்கம் இன்றும் அநேகமாக இறங்கத்தான் செய்கிறது. யீல்டை வைத்துத் தங்கம் மலிவா என்று முடிவு செய்யாதீர்கள். இந்த வாரம் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

நம் ஊரில் மட்டும் நடக்கும் முறிவு ஒன்றும் உண்டு. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரி 15லிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அன்று டாலர் விலையில் பெரிய மாற்றம் இல்லை, ரூபாயிலும் இல்லை. எம்சிஎக்ஸில் 10 கிராமுக்கு ஏறத்தாழ 4,000 ரூபாய் ஒரே நாளில் இறங்கியது. மேலே சொன்ன கணக்கில் கடைசிப் பெருக்கலில் 1.15க்குப் பதில் 1.06 போட்டுப் பாருங்கள், விலை ஏன் விழுந்தது என்று விளங்கும். எந்த உலகச் சார்ட்டும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

திரையில் எப்படி வைப்பது

சார்ட் பார்க்கும் தளமான டிரேடிங்வியூவில் இந்தப் பெயர்களைத் தேடினால் கிடைக்கும்:

```
OANDA:XAUUSD     தங்கம், டாலரில்
TVC:US10Y        அமெரிக்க 10 வருட யீல்டு
FRED:DFII10      10 வருட ரியல் யீல்டு
TVC:DXY          டாலர் இண்டெக்ஸ்
FX_IDC:USDINR    டாலர்-ரூபாய்
MCX:GOLD1!       எம்சிஎக்ஸ் தங்கம்
```

எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு நூல்கண்டு ஆக்க வேண்டாம். ஒன்றின் கீழ் ஒன்றாக, தினசரி சார்ட்டில், தேதிகள் நேராக வரும்படி வையுங்கள். ரியல் யீல்டு சார்ட்டின் அளவுகோலை மட்டும் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது உறவு ஒழுங்காக இருக்கும் நாட்களில் தங்கத்தின் கோடும் ரியல் யீல்டின் கோடும் ஒரே பக்கம் போகும், பிரியும் இடம் கண்ணில் பளிச்சென்று படும்.

யீல்டைச் சதவீத மாற்றமாகப் பார்க்காதீர்கள். 1.6லிருந்து 3க்குப் போனதை மென்பொருள் 87 சதவீத ஏற்றம் என்று காட்டும், அதற்கு அர்த்தமில்லை. ரியல் யீல்டு மைனஸிலிருந்து பிளஸுக்குப் போகும்போது சதவீதக் கணக்கு அபத்தமாகிவிடும். யீல்டில் பார்க்க வேண்டியது எத்தனை புள்ளி நகர்ந்தது என்பதை: 4.00லிருந்து 4.10 போனால் 10 பேசிஸ் பாயிண்ட். சாதாரண நாளில் 10 வருட யீல்டு 5 பேசிஸ் பாயிண்டுக்குள் ஆடினால் அதில் செய்தி எதுவும் இல்லை என்று விட்டுவிடலாம். 10க்கு மேல் போனால் ஏன் என்று தேடுங்கள்.

இரண்டு சந்தைகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் தொடர்புக் கெழுவைக் கணக்கிட ஆசைப்படுபவர்கள் விலைகளை வைத்துக் கணக்கிடாமல் தினசரி மாற்றங்களை வைத்துக் கணக்கிட வேண்டும். இரண்டு வருடம் ஏறிக்கொண்டே இருக்கும் எந்த இரண்டு விலையை எடுத்தாலும் தொடர்பு இருப்பது போலத்தான் தெரியும்.

இனி ஒரு மாலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பணவீக்கக் கணக்கு நியூயார்க் நேரம் காலை 8.30க்கு வரும். நமக்கு அங்கே கோடைகாலத்தில் மாலை 6 மணி, குளிர்காலத்தில் 7 மணி. எண் எதிர்பார்ப்பைவிட அதிகமாக வந்தது, தங்கம் சட்டென்று 15 டாலர் விழுந்தது என்று வையுங்கள். உடனே ஆர்டர் போடாமல் 10 வருட யீல்டைப் பாருங்கள். அது 8 பேசிஸ் பாயிண்ட் ஏறியிருக்கிறது. டாலர் இண்டெக்ஸும் ஏறியிருக்கிறது. அப்படியானால் மூன்றும் ஒத்துப்போகின்றன: ஃபெட் வட்டியைக் குறைக்கத் தாமதிக்கும் என்று சந்தை நினைக்கிறது, விழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. அரை மணி நேரம் கழித்து யீல்டு அங்கேயே நிற்க, டாலர் மட்டும் ஏற்றத்தை முழுக்க இழந்துவிட்டால் கதை மாறுகிறது. விழுந்த தங்கத்தை அதற்கு மேல் துரத்தி விற்பது ஆபத்து. யீல்டே அசையாமல் தங்கம் மட்டும் விழுந்திருந்தால், காரணம் இந்த எண்ணில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. தெரியும் வரை சும்மா இருப்பது நல்லது.

இதில் ரியல் யீல்டு சார்ட் அந்த மாலையில் உதவாது. ஃபெட்டின் புள்ளிவிவரத் தளமான FRED தரும் எண் நாளுக்கு ஒன்றுதான், அதுவும் அடுத்த நாள்தான் வரும். மாலையில் சாதாரண யீல்டைப் பாருங்கள், மறுநாள் ரியல் யீல்டோடு ஒப்பிட்டு ஏற்றம் எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரூபாயின் கணக்கும் அந்த மாலையில் பாதிதான் தெரியும். அமெரிக்க எண் வரும்போது நம் நாணயச் சந்தை மூடியிருக்கும், எம்சிஎக்ஸ் நள்ளிரவை ஒட்டி நடக்கும். சிங்கப்பூர், லண்டன் பக்கம் ரூபாய் வெளிச்சந்தையில் கைமாறுவதைப் பார்த்துச் சிலர் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆனாலும் இரவில் எம்சிஎக்ஸ் பெரும்பாலும் டாலர் விலையைத்தான் பின்தொடரும். காலை 9 மணிக்கு ரூபாய்ச் சந்தை திறந்து, வலுவான டாலரால் ரூபாய் 30 பைசா பலவீனமாகத் தொடங்கினால், இரவில் விழுந்த எம்சிஎக்ஸ் தங்கத்தில் ஒரு பகுதி திரும்ப ஏறிவிடும். டாலருக்கு 85 ரூபாய் என்று இருக்கும்போது 30 பைசா என்பது சுமார் 0.35 சதவீதம். 10 கிராம் 95,000 ரூபாய் என்றால் 330 ரூபாய்க்கு மேல். ஒரு கிலோ ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு அது 33,000 ரூபாய்க்கு மேல்.